120 ஜிபி கோப்பு, 8 ஜிபி ரேம்: sort நிஜமா எத்தனை பாஸ் போகுது?

காத்தாடி_பணகுடி
11 ஜூலை 2025, இரவு 9:42

பணகுடி, வள்ளியூர் பக்கத்துக் காத்தாடி, அதாவது காற்றாலை, 60-ஓட பதிவு. ஒவ்வொண்ணும் நொடிக்கு ஒரு வரி, போன வருஷம் மே நடுவுலயிருந்து டிசம்பர் கடைசி வரை. மொத்தம் 120 கோடி வரி. ஒரு வரி 100 பைட், ஆக 120 ஜிபி. காத்தாடி வாரியா இருக்கிறதை நேர வாரியா மாத்தணும்.

மெஷின்ல 8 ஜிபி ரேம், நாலு கோர், ஒரே ஒரு சுழலும் டிஸ்க். நேரா வாசிச்சா நொடிக்கு 150 எம்பி வரும்.

```
sort -t, -k2,2 -S 4G -o neram.csv raw.csv
```

என் கணக்கு இது: 4 ஜிபி ரன் போட்டா, அதாவது 4 ஜிபி துண்டா வரிசைப்படுத்தி டிஸ்க்ல எழுதினா, 30 ரன். 30-ஐயும் ஒரே தடவையில மெர்ஜ் பண்ணலாம். ரன் போட ஒரு பாஸ், மெர்ஜுக்கு ஒரு பாஸ், ரெண்டுக்கும் வாசிப்பும் எழுத்தும் சேர்த்து 480 ஜிபி. 150-ஆல வகுத்தா 3200 நொடி, 53 நிமிஷம். ஓடி முடிச்சது 2 மணி 20 நிமிஷம். கணக்கு எங்க உதைக்குது?

தென்காசி_சாரல்
11 ஜூலை, இரவு 10:05

பாஸ் எண்ணிக்கையே தப்பு தம்பி. மெர்ஜ் சார்ட்னா ரெண்டு ரெண்டாதான் சேரும். 30 ரன்னு 15 ஆகும், அப்புறம் 8, 4, 2, 1. அஞ்சு மெர்ஜ் பாஸ், ரன் போடுறதையும் சேர்த்து ஆறு. ஆறு பாஸுக்கு 1440 ஜிபி. 2 மணி 40 நிமிஷம் வருது, உங்க நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப் போகுதே.

தீர்வு ரேம்தான். `-S 7G` போடுங்க, ரன் குறையும், பாஸும் குறையும்.

பாளை_மேட்டுத்திடல்
11 ஜூலை, இரவு 10:51

சாரல் சொன்னதுல ரன் எண்ணிக்கைதான் பாஸைத் தீர்மானிக்குதுங்கிறது சரி. ரெண்டு ரெண்டா சேருங்கிறது சரியில்ல. ரேமுக்குள்ள நடக்கிற மெர்ஜ் சார்ட்டைத்தான் அப்படிச் சொல்லிக்கொடுப்பாங்க. டிஸ்க்ல ஒரு பாஸுக்கு மொத்தக் கோப்பையும் வாசிச்சு எழுதணும்கிறதால, ஒரே தடவையில எத்தனை ரன்னைச் சேர்க்க முடியுமோ அத்தனையும் சேர்ப்பாங்க. நேரம் ஒத்துப்போனது தற்செயல்.

தம்பி, கணக்குப் பாக்கிறதுக்கு முன்னாடி ரன் எத்தனை விழுதுன்னு கண்ணால பாருங்க. sort ஓடிக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு டெர்மினல்ல:

```
ls -l /tmp/sort* | tail -3
ls /tmp/sort* | wc -l
```

முதல் கோப்பு முழுசா எழுதி முடிஞ்சதும் அதோட அளவைச் சொல்லுங்க. 4 ஜிபி இருக்காதுன்னு நினைக்கேன்.

காத்தாடி_பணகுடி
12 ஜூலை, காலை 7:18

ராத்திரி திரும்ப ஓட விட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. ஒவ்வொரு கோப்பும் 2.19 ஜிபி. ரன் போட்டு முடிச்சப்போ 55 கோப்பு. அதுக்கப்புறம் எண்ணிக்கை குறைய ஆரம்பிச்சுது, கூடவே 35 ஜிபில ஒரு பெரிய கோப்பு வந்துது. அது எங்கேருந்து வந்துதுன்னு புரியல.

பாளை_மேட்டுத்திடல்
12 ஜூலை, காலை 8:30

நீங்க பாத்த ரெண்டு எண்ணும் ரெண்டு தனித்தனி விஷயத்தைச் சொல்லுது. ஒண்ணொண்ணா வாரேன்.

முதல்ல 2.19. `-S 4G`-ங்கிறது வரிகளுக்கு மட்டும் ஒதுக்கின இடம் இல்ல. ஒவ்வொரு வரிக்கும் அது எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், சாவி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு நாலு எண்ணை sort குறிச்சு வைக்கும். 64 பிட் மெஷின்ல அது 32 பைட். வரிசைப்படுத்தும்போது அந்தக் குறிப்புகளுக்கு வேலை இடமும் வேணும். நாலு த்ரெட்ல ஓடினா க்னூ sort ஒரு வரிக்கு 3 × 32, அதாவது 96 பைட் ஒதுக்கும். ஒரே த்ரெட்னா ஒண்ணரை மடங்கு, 48 பைட்.

உங்க வரி 100 பைட், குறிப்பு 96. கூட்டினா 196. 4G-ங்கிறது 429.5 கோடி பைட். வகுத்தா 2.19 கோடி வரி, அதாவது 2.19 ஜிபி எழுத்து. 120 கோடி வரிக்கு 54.8, ஆக 55 ரன். கணக்கும் கண்ணால பாத்ததும் ஒண்ணாயிட்டு.

வரி சின்னதாக ஆக இது இன்னும் மோசமாகும். 20 பைட் வரிக்கு மேல 96 பைட் குறிப்பு ஏறினா 4 ஜிபில 740 எம்பிதான் எழுத்து இருக்கும். ரன் அளவை ரேம் அளவுன்னு வச்சுக் கணக்குப் போடுறவங்க பூராப் பேரும் தடுக்கி விழுற இடம் இது.

ரெண்டாவது, அந்த 35 ஜிபி. 2.19-ஐ 16-ஆல பெருக்கிப் பாருங்க, 35 வரும். க்னூ sort-ஐ நீங்க ஒண்ணும் சொல்லாம விட்டா ஒரு நேரத்துல 16 கோப்பைத்தான் மெர்ஜ் பண்ணும். 55-ஐ ஒரே தடவையில தொடாது. 16, 16, 16-னு மூணு தடவை இடைமெர்ஜ் பண்ணி மூணு பெரிய கோப்பு ஆக்குது. மிச்சம் 7 சின்னது. ஆக 10 கோப்பு. அதைத்தான் கடைசி மெர்ஜ் பண்ணி உங்க `neram.csv`-ஐ எழுதுது.

இப்போ டிஸ்க் கணக்கு: ரன் போட 240 ஜிபி. இடைமெர்ஜ்ல 48 ரன், 105 ஜிபியை வாசிச்சு எழுத 210. கடைசி மெர்ஜ் 240. மொத்தம் 690 ஜிபி. 150-ஆல வகுத்தா 77 நிமிஷம். நீங்க நினைச்ச ரெண்டு பாஸ் உண்மையில 2.9 பாஸ். பாஸ்ங்கிறது முழு எண்ணாத்தான் இருக்கணும்னு இல்ல.

சரி பண்ண ஒரே ஒரு வார்த்தை போதும்: `--batch-size=64`. 55-ஐயும் ஒரே மெர்ஜ்ல முடிச்சிரும்.

தென்காசி_சாரல்
12 ஜூலை, காலை 9:12

16 வரம்பு எனக்குப் புதுசு. ஆனா அப்பவும் ரேமைக் கூட்டினா நல்லதுதானே? 7G போட்டா ரன் 32-ஆ குறையும். கம்மி ரன், கம்மி இடைமெர்ஜ்.

பாளை_மேட்டுத்திடல்
12 ஜூலை, காலை 9:40

32-ங்கிறது சரியா வகுத்திருக்கீங்க. ஆனா அந்த 32-க்கு என்ன நடக்கும்னு போட்டுப் பாருங்க. 16-ஐ வச்சுக்கிட்டா: 16 ஒண்ணு, 16 இன்னொண்ணு, ரெண்டு பெரிய கோப்பு, அப்புறம் கடைசி மெர்ஜ். இடைமெர்ஜ்ல ஒரு ரன் கூட விடுபடல, 120 ஜிபியும் ஒரு தடவை சும்மா எழுதப்படுது. மொத்தம் 720 ஜிபி. 55 ரன்னுக்கு 690-தான். ரேமைக் கூட்டி டிஸ்க் வேலையையும் கூட்டியாச்சு.

32-ஐ 16-ஆக்க 18 ரன்னைத் தொட்டாலே போதும்: 16 ஒண்ணாகும், 2 ஒண்ணாகும், மிச்சம் 14, கூட்டினா 16. ஆனா அந்தப் புரோகிராம் முழு 16-ஆ எத்தனை கட்டு கட்ட முடியுமோ அத்தனையும் முதல்ல கட்டிரும். மிச்சத்துக்குத்தான் சிக்கனம் பாக்கும்.

`--batch-size=64` போட்டுட்டா 55 ரன்னும் 32 ரன்னும் ஒரே செலவு: ரெண்டு பாஸ், 480 ஜிபி. பாஸ் மாறாதவரை ரன் எண்ணிக்கை குறைஞ்சு பெரிய லாபம் இல்ல.

இன்னொண்ணு, 8 ஜிபி மெஷின்ல 7G கேட்டா மத்ததுக்கு இடம் இல்லாம ஸ்வாப்புக்குப் போகும். அப்புறம் ரேமுக்குள்ள நடக்க வேண்டிய வரிசைப்படுத்தலே டிஸ்க்ல அங்கங்க குதிச்சு நடக்கும். `vmstat 5` ஓட விட்டு `si`, `so` ரெண்டும் பூஜ்யமா இருக்கான்னு பாருங்க. பூஜ்யம் இல்லேன்னா `-S`-ஐக் குறைக்கணும், வேற வைத்தியம் இல்ல.

காத்தாடி_பணகுடி
12 ஜூலை, காலை 10:25

77 நிமிஷம் ஆச்சு. 140 நிமிஷத்துல மிச்சம் 63 நிமிஷம் எங்க போச்சு அண்ணாச்சி?

பாளை_மேட்டுத்திடல்
12 ஜூலை, மதியம் 1:15

ரெண்டு சந்தேகம் இருக்கு. ரெண்டையும் தனித்தனியா அளந்தாத்தான் எதுக்கு எவ்வளவுன்னு தெரியும்.

உங்க கட்டளையில `LC_ALL=C` இல்ல. அப்போ ஒவ்வொரு ஒப்பீடும் மொழி அகரவரிசை விதியைப் பாத்துட்டு வரும். ஒரு ரன்னுல 2.19 கோடி வரி, அதை வரிசைப்படுத்த கோடிக்கணக்குல ஒப்பீடு. இப்படி 55 ரன். உங்க சாவி `2024-07-22T04:11:09` மாதிரி நேரம், அதை பைட் பைட்டா ஒப்பிட்டாலே கால வரிசை தானா வரும். மொழி விதி இங்க வேண்டவே வேண்டாம். அதோட, sort ஒரு ரன்னை வாசிச்சு முடிச்சு, வரிசைப்படுத்தி, எழுதி முடிச்ச பிறகுதான் அடுத்ததை வாசிக்கும். வரிசைப்படுத்தற நேரம் முழுக்க டிஸ்க் சும்மா கிடக்கும். `iostat -x 5` பாத்தா `%util` 100-க்குப் போய், கொஞ்ச நேரம் தரையில கிடந்து, திரும்ப ஏறும். தரையில கிடக்கிற நேரம்தான் சிபியு தின்னது.

அடுத்தது, வாசிப்பும் எழுத்தும் ஒரே டிஸ்க்ல. மெர்ஜ் நடக்கும்போது தலை பத்துப் பதினாறு இடத்துக்கும் எழுதற இடத்துக்கும் மாறி மாறி ஓடுது. 150 எம்பிங்கிறது நேரா ஓடும்போதுதான்.

சங்கரன்கோவில்_தறி
12 ஜூலை, மாலை 4:02

இதே பிரச்சினை எங்ககிட்டயும் இருக்கு. போஸ்ட்கிரஸ்ல `EXPLAIN ANALYZE` பாத்தா `Sort Method: external merge  Disk: 48216kB`-னு வருது. அட்டவணை சின்னதுதான், ரேம் 16 ஜிபி. நானும் `--batch-size` மாதிரி ஏதாவது போடணுமா?

பாளை_மேட்டுத்திடல்
12 ஜூலை, மாலை 4:30

உங்களுது வேற அண்ணாச்சி. தம்பிக்கு ரேமைவிடக் கோப்பு பெருசு. உங்களுக்கு ரேம் தாராளமா இருக்கு, போஸ்ட்கிரஸுக்கு அதைத் தொட அனுமதி இல்ல. `work_mem` மாத்தாம விட்டா 4 எம்பிதான். அந்த ஒரு செஷன்ல மட்டும் `SET work_mem = '256MB';` போட்டுத் திரும்பப் பாருங்க, `quicksort  Memory`-னு மாறிரும். டிஸ்க்ல 48 எம்பின்னா ரேம்ல அதைவிடக் கூடவே கேட்கும், அதனால 64 போட்டுப் பத்தலைன்னு குழம்ப வேண்டாம். ஆனா சர்வர் முழுக்க அந்த அளவை வைக்காதீங்க. ஒரு கேள்விக்குள்ள ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் தனித்தனியா அத்தனையையும் எடுத்துக்கும்.

அம்பை_வாய்க்கால்
12 ஜூலை, இரவு 8:47

பாளைக்காரர் கடைசியாகச் சொன்ன தலை ஓட்டத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். `--batch-size`-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு ரன்னிலிருந்து இன்னொரு ரன்னுக்குத் தலை போய் நிற்கச் சுமார் 10 மில்லி நொடி என்று வைப்போம். அந்த நேரத்தில் இந்த டிஸ்க் 1.5 எம்பி வாசித்திருக்கும். ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் 1.5 எம்பி நஷ்டம். ஒரு ரன்னுக்கு 16 எம்பி பஃபர் இருந்தால் 16 வாசிக்க 17.5-க்கான நேரம் ஆகிறது, 91 சதவீத வேகம். 4 எம்பி என்றால் 73. அரை எம்பி என்றால் 25 சதவீதம்தான்.

பணகுடித் தம்பிக்கு இதில் கவலை இல்லை. மெர்ஜின்போதும் `-S` அளவைத்தான் ரன்களுக்குப் பங்கு போடுகிறது. 4 ஜிபியை 55-ஆல் வகுத்தால் ஆளுக்கு 78 எம்பி. தலை ஓட்டம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் நிறைய வாசித்துவிட்டுத்தான் நகரும். 63 நிமிஷத்தில் பெரும்பங்கு மொழி விதிக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

ரேம் சின்னதாக இருக்கும் இடத்தில்தான் பஃபர் கணக்கு கடிக்கும். இதே 120 ஜிபியை, வரிசைப்படுத்த 256 எம்பி மட்டுமே உள்ள சின்ன போர்டில், சொந்தமாக எழுதிய புரோகிராமில் ஓட்டுவதாக வைப்போம். குறிப்புச் செலவை மறந்துவிட்டாலும் 469 ரன் வரும்.

16 எம்பி பஃபர் வைத்தால், வெளியீட்டுக்கு ஒன்று போக, ஒரு நேரத்தில் 15 ரன். 469 என்பது 32 ஆகும், பிறகு 3, பிறகு 1. மூன்று மெர்ஜ் பாஸ். 91 சதவீத வேகத்தில் ஓடுவதால் முழுவேகப் பாஸ் 3.3-க்கான நேரம்.

4 எம்பி வைத்தால் ஒரு நேரத்தில் 63 ரன். 469 என்பது 8, பிறகு 1. இரண்டு பாஸ், 73 சதவீதம். 2.7 பாஸுக்கான நேரம்.

அரை எம்பி வைத்தால் 511 ரன் வரை ஒரே மெர்ஜில் முடியும். ஒரே பாஸ், ஆனால் 25 சதவீத வேகம். 4 பாஸுக்கான நேரம்.

பாஸ் மிகக் குறைந்தது எதுவோ அதுதான் மூன்றிலும் மெதுவானது. நடுவில் உள்ளதுதான் வெல்கிறது. எஸ்எஸ்டியில் தாவலுக்கு இந்த நஷ்டம் கிடையாது. அங்கே சின்னப் பஃபரும் நிறைய ரன்னுமே சரி.

தென்காசி_சாரல்
12 ஜூலை, இரவு 9:30

இது அருமையான கணக்கு. அப்போ 4 ஜிபி ரேம் இருந்தா ரெண்டு பாஸ்ல எவ்வளவு பெரிய கோப்பு வரை தாங்கும்?

அம்பை_வாய்க்கால்
12 ஜூலை, இரவு 9:41

16 எம்பி பஃபர் என்றால் 4 ஜிபிக்குள் ஏறக்குறைய 250 ரன். ரன் ஒவ்வொன்றும் 4 ஜிபி என்றால் ஒரு டெராபைட். தம்பியின் 2.19 ஜிபி ரன்னை வைத்தால் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். ரேம் இரண்டு மடங்கானால் ரன்னும் இரண்டு மடங்கு, சேர்க்கும் எண்ணிக்கையும் இரண்டு மடங்கு. எல்லை நான்கு மடங்காகும்.

காத்தாடி_பணகுடி
13 ஜூலை, காலை 6:55

ரெண்டு திருத்தமும் போட்டு ராத்திரி ஓட விட்டேன். ஒரே சாவி உள்ள வரிகள் பழைய வரிசையிலயே இருக்க `-s`-உம் சேர்த்தேன்.

```
LC_ALL=C sort -s -t, -k2,2 -S 4G --batch-size=64 -o neram.csv raw.csv
```

78 நிமிஷம். இடையில 35 ஜிபி கோப்பு எதுவும் வரல.

ஒரு கேள்வி பாக்கி. ஆடிக் காத்துல எங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போகும். யுபிஎஸ் அரை மணிதான் தாங்கும். நடுவுல நின்னா விட்ட இடத்துலயிருந்து தொடருமா?

பாளை_மேட்டுத்திடல்
13 ஜூலை, காலை 8:10

தொடராது. `/tmp`-ல sort கோப்புகள் அப்படியே கிடந்தாலும், அடுத்த தடவை sort அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. பூட் ஆகும்போது சிஸ்டமே அழிக்கலேன்னா நீங்கதான் அழிக்கணும், இல்லேன்னா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். உங்களுக்கு ஒரே டிஸ்க்ங்கிறதால மூலம் 120, ரன்கள் 120, வெளியீடு 120-னு உச்சத்துல 360 ஜிபி வேணும். ரன் கோப்பு ஒவ்வொண்ணும் அதோட கடைசி வரி போன பிறகுதான் அழியும். நேரம் கலந்து கிடக்கிற பதிவுல எல்லாமே கடைசியிலதான் காலியாகும்.

சில லினக்ஸ்ல `/tmp` ரேம்லயே இருக்கும். அங்க ரன் எழுதினா ரேம்லயிருந்து ரேமுக்கே எழுதினதாகும், சீக்கிரமே இடமில்லைன்னு நின்னுரும். `df -h /tmp` பாத்து `tmpfs`-னு இருந்தா `-T` போட்டு வேற அடைவைக் காட்டுங்க.

கரண்டுக்குப் பயந்தா ரன்களை நீங்களே போட்டு வச்சுக்கலாம்:

```
split -l 20000000 --filter='LC_ALL=C sort -s -t, -k2,2 -S 4G > $FILE.run' raw.csv r_
```

2 கோடி வரி, 196 பைட் வீதம் 392 கோடி பைட். 4G-க்குள்ள அடங்கிரும், உள்ளுக்குள்ள தனியா ரன் எதுவும் விழாது. 60 ரன் கோப்பு கிடைக்கும். கரண்ட் போனா கடைசி ஒண்ணு ரெண்டு கோப்பு மட்டும்தான் சந்தேகம், மிச்சத்தைத் தொட வேண்டாம். பிறகு `sort -m`.

அம்பை_வாய்க்கால்
13 ஜூலை, காலை 9:20

60 என்ற எண்ணைப் பார்த்ததும் தோன்றியது. தம்பி, `raw.csv` எப்படி உருவானது? காத்தாடி ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு இருந்து அதையெல்லாம் `cat` செய்து ஒட்டினதா?

காத்தாடி_பணகுடி
13 ஜூலை, காலை 9:33

ஆமாக்கா. `T01.csv`-லயிருந்து `T60.csv` வரை, ஆளுக்கு 2 ஜிபி. இன்னும் இருக்கு.

அம்பை_வாய்க்கால்
13 ஜூலை, காலை 9:58

அப்படியானால் ரன் போடும் பாஸே தேவையில்லை. ஒவ்வொரு காத்தாடியும் தன் வரிகளை நேர வரிசையில்தான் எழுதியிருக்கும். உங்களிடம் இருப்பது ஏற்கெனவே 60 ரன். ஒரு மெர்ஜ் போதும், 240 ஜிபி. பாதி வேலை.

```
LC_ALL=C sort -m -s -t, -k2,2 -S 4G --batch-size=64 -o neram.csv T??.csv
```

இங்கேயும் `--batch-size`-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் 48 கோப்பை இடையில் மெர்ஜ் செய்து 96 ஜிபியைச் சும்மா எழுதும்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். `-m` கொடுத்தால் உள்ளே வருவது வரிசையில் இருக்கிறது என்று sort நம்பிவிடும். ஒரு கோப்பில் ஒரு வரி பிசகியிருந்தாலும் பிழை எதுவும் சொல்லாது. தப்பான வெளியீட்டை அமைதியாக எழுதிவிட்டு நல்லபடியாக முடிந்ததாகக் காட்டும். முதலில் சோதித்துவிடுங்கள்:

```
for f in T??.csv; do LC_ALL=C sort -c -s -t, -k2,2 "$f"; done
```

காத்தாடி_பணகுடி
13 ஜூலை, மாலை 5:40

சோதிக்க 14 நிமிஷம். 57 கோப்பு சுத்தம். மூணு கோப்புல இப்படி வந்துது:

```
sort: T17.csv:8123457: disorder: T17,2024-08-17T02:31:40,...
```

அந்த மூணையும் மட்டும் தனித்தனியா sort பண்ணி மாத்தினேன். 2 கோடி வரி 4G-க்குள்ள அடங்கினதால `/tmp`-ல ஒண்ணும் விழல. அப்புறம் மெர்ஜ் 36 நிமிஷம். 78-க்குப் பதிலா, சோதனையும் சேர்த்து ஒரு மணிக்குள்ள முடிஞ்சிட்டு. ரொம்ப நன்றிக்கா, அண்ணாச்சி.

தென்காசி_சாரல்
13 ஜூலை, மாலை 6:15

240 ஜிபிக்கு 27 நிமிஷம்தானே வரணும்? 36 ஆனது ஒரே டிஸ்க்ங்கிறதாலயா?

பாளை_மேட்டுத்திடல்
13 ஜூலை, மாலை 6:32

ஆமா, பெரும்பாலும் அதுதான். வெளியீட்டை மட்டும் யுஎஸ்பி டிஸ்க்ல போட்டா வாசிப்பும் எழுத்தும் ஒரே நேரத்துல ஓடும். அந்த டிஸ்க்கும் 150 தந்தா 20 நிமிஷத்துக்குள்ள வரலாம்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை. பதிவை 60 கோப்பா எழுதி அப்புறம் சேர்க்கிறதுக்குப் பதிலா, வரும்போதே ஒரு ஹீப் வழியா விடலாம். வர்ற வரியை ஹீப்ல போடணும், இருக்கிறதுல சின்ன நேரத்தை எடுத்து எழுதணும். ஏற்கெனவே எழுதினதைவிடப் பழைய நேரம் வந்தா அதை அடுத்த ரன்னுக்குன்னு ஒதுக்கி வைக்கணும். நேரம் தாறுமாறா வந்தாலே இந்த முறையில ரன் சராசரியா ஹீப்பைப் போல ரெண்டு மடங்கு நீளம் வரும். உங்க பதிவு தாறுமாறு இல்ல, கொஞ்சம் தாமதம்தான். எந்த வரியும் அரை மணிக்கு மேல தாமதிக்காதுன்னா 60 × 1800, ஹீப்ல 1,08,000 வரி போதும். 11 எம்பி. அந்த 11 எம்பி ரேமை வச்சு 120 ஜிபியும் ஒரே ரன்னா வந்திரும், மெர்ஜே கிடையாது.

சங்கரன்கோவில்_தறி
13 ஜூலை, இரவு 8:20

`work_mem` வேலை செஞ்சுட்டு, நன்றி. நீங்க இப்ப சொல்ற ஹீப் முறையை போஸ்ட்கிரஸ் 11-ல எடுத்தே போட்டுட்டாங்களே. அப்போ அது நல்ல முறைன்னு எப்படிச் சொல்ல?

பாளை_மேட்டுத்திடல்
13 ஜூலை, இரவு 9:05

எடுத்தது உண்மை. பெரிய ஹீப்ல ஒவ்வொரு அசைவுக்கும் ரேம்ல தூரத் தூரமா குதிக்கணும், சிபியு கேஷுக்கு அது ஆகாது. குவிக்சார்ட் அக்கம் பக்கமாவே நடக்கும். இன்னைக்கு ரேம் பெருசு, ரன் எண்ணிக்கை பாதியாகிறதால பாஸ் குறையறதும் இல்ல. அதனால பொதுவான வேலைக்கு ஹீப் லாபம் இல்ல. 11 எம்பி ஹீப், கிட்டத்தட்ட வரிசையில வர்ற பதிவு, இது ரெண்டும் சேர்ந்த இடத்துல மட்டும்தான் நான் சொல்லுதேன்.

அம்பை_வாய்க்கால்
13 ஜூலை, இரவு 9:50

அரை மணி என்ற எல்லையைத்தான் நான் நம்பமாட்டேன். ஒரு காத்தாடியின் இணைப்பு ஒரு நாள் அறுந்து, மறுநாள் 86,400 வரி மொத்தமாக வந்தால், அத்தனையும் அடுத்த ரன்னுக்குப் போகும், ஹீப்பில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். முடிவு தப்பாகாது. ஆனால் ஒரே ரன் என்ற கணக்கு போய்விடும், மெர்ஜுக்கும் ஏற்பாடு வேண்டும். 60 தனிக் கோப்பும் ஒரு மெர்ஜும் என்பதே எனக்கு நிம்மதி.

தம்பி, உங்கள் மூன்று கோப்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். `disorder` வந்த இடத்தில் நேரம் எவ்வளவு பின்னால் போயிருந்தது?

காத்தாடி_பணகுடி
13 ஜூலை, இரவு 10:12

T17-ல ஒரு மணி நேரம் அக்கா. 03:31:40 வரை ஒழுங்கா போயி, அடுத்த வரி 02:31:40. மத்த ரெண்டுலயும் சில நிமிஷம்.

அம்பை_வாய்க்கால்
13 ஜூலை, இரவு 10:30

அப்படியானால் வரி இடம் மாறவில்லை, கடிகாரத்தைத்தான் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அதை sort செய்ததும் 02:31:40-லிருந்து 03:31:40 வரை ஒவ்வொரு நொடிக்கும் T17-க்கு இரண்டு வரி வந்திருக்கும், இரண்டு வேறு மணி நேரத்தின் காற்றும் சீப்புப் பல் கோத்ததுபோல மாறி மாறி. `-s` இல்லாமல் செய்திருந்தால், எது முன், எது பின் என்பது பழைய `T17.csv`-யின் வரி வரிசையில் மட்டும்தான் இருக்கும். அதை அழித்துவிடவில்லையே?

காத்தாடி_பணகுடி
13 ஜூலை, இரவு 10:41

அழிக்கல. மூணுக்கும் பழசு தனியா இருக்கு. அப்போ எந்த மணி நேரம் சரின்னு எப்படி முடிவு பண்ண? கடிகாரம் முன்னாடி தப்பா இருந்து அப்பதான் திருத்தினாங்களா, இல்ல சரியா இருந்ததைக் கெடுத்தாங்களா?

பாளை_மேட்டுத்திடல்
13 ஜூலை, இரவு 11:04

பக்கத்துக் காத்தாடி ரெண்டோட காத்து வேகத்தை வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம். ஒரு மணி நேரத்தை நகர்த்தி வச்சுப் பாத்தா எதுல ஏத்த இறக்கம் பொருந்துதுன்னு தெரியும். அந்தத் தப்பு எந்த நாள்ல ஆரம்பிச்சுதுங்கிறது அதுல வருமான்னு சொல்ல முடியாது. முன்னால தள்ளும்போது sort -c சத்தம் போடாது, நடுவுல ஒரு மணி நேரம் வரியே இல்லாம மட்டும் இருக்கும். T17-ல அப்படி ஒரு இடைவெளி இருக்கான்னு முதல்ல தேடுங்க.

காத்தாடி_பணகுடி
14 ஜூலை, காலை 7:05

தேடினேன். ஜூன்ல ஒண்ணு, ஜூலைல ஒண்ணு, ரெண்டு இடைவெளி இருக்கு. ரெண்டும் சரியா ஒரு மணி நேரம் இல்ல, ஒண்ணு 58 நிமிஷம், ஒண்ணு 71. எது கடிகாரம், எது கரண்ட்டுன்னு பக்கத்துக் காத்தாடிகளை வச்சுப் பாத்துட்டு எழுதுதேன்.